நான்கு எம்பிகூட இல்லை, 59 யூரோ: ஊர்ப் பயணத்தில் ரோமிங் பில்

டிசம்பர் 29 பின்னிரவில் சென்னையில் விமானம் தரை தொட்டதும், எல்லாரையும் போல நானும் ஃப்ளைட் மோடை அணைத்தேன். அம்மாவுக்கு ‘இறங்கிட்டோம்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்காகக் காத்திருந்தபோது மூன்று எஸ்எம்எஸ் வந்திருந்தன. முதலாவது, இந்தியாவில் டேட்டாவுக்கு என்ன விலை என்று சொல்லும் வரவேற்புச் செய்தி. இரண்டாவது, வரம்பில் 80 சதவீதம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை. மூன்றாவது, வரம்பு முடிந்தது, இணையம் நிறுத்தப்பட்டது என்ற தகவல். முதல் செய்திக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஆறு நிமிடம்.

‘என்னங்க, எனக்கும் அதே மூணும் வந்திருக்கு’ என்றாள் மனைவி.

நாங்கள் இருப்பது டுசல்டார்ஃபில். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 2017 ஜூன் 15 முதல் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பாரிஸ் போனாலும் ரோம் போனாலும் வீட்டில் இருப்பதைப் போலவே டேட்டாவைப் பயன்படுத்தலாம். அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் போனபோது Data Roaming பொத்தானைப் போட்டோம். அதன் பிறகு அதை அணைக்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்தப் பொத்தானோடுதான் சென்னையில் இறங்கினோம்.

பில் வந்ததும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கான விலை 50 கேபிக்கு 79 சென்ட். எம்பி என்றோ ஜிபி என்றோ இல்லை, 50 கேபி ஒரு துண்டு. ஒவ்வொரு இணைப்பின் முடிவிலும் மிச்சம் இருப்பதை முழுத் துண்டாகத்தான் எண்ணுவார்கள். மின்னஞ்சல் ஒருமுறை எட்டிப் பார்த்து 3 கேபி எடுத்து நின்றாலும் அது ஒரு துண்டு, 79 சென்ட். ஒரு துண்டு நம் ரூபாயில் எழுபது, எண்பது ஆகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு புகைப்படம் மூன்று நான்கு துண்டுகளைச் சாப்பிட்டுவிடும்.

நிறுத்தும் வரம்பு ஐரோப்பியச் சட்டத்தில் 50 யூரோ. அது வரி சேர்க்காத தொகை. ஜெர்மனியின் 19 சதவீத வரியைச் சேர்த்தால் 59.50. இதை 79 சென்ட்டால் வகுத்தால் 75 துண்டு வருகிறது. 75 துண்டு என்றால் 3.75 எம்பி. பில்லில் இருந்த தொகை 59.25 யூரோ. ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் Current Period Roaming என்று ஒரு வரி உண்டு. அதில் பார்த்தபோது நான்கு எம்பிகூட இல்லை. நான் எதையும் திறக்கவில்லை. விமானத்தில் இருந்த ஒன்பது மணி நேரத்தில் குவிந்த வாட்ஸ்அப் குழுச் செய்திகளும் மின்னஞ்சலும் தாங்களாகவே இறங்கியதற்கான விலை அது.

இந்த வரம்பு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அதே கணக்கில் பார்த்தேன். ஒரு எம்பிக்கு 15.80 யூரோ. பெட்டி வரும்வரை ஒரு சின்ன வீடியோ பார்த்து 40 எம்பி போயிருந்தால் 632 யூரோ. இந்த வரம்பு 2010-இல் ஐரோப்பாவுக்குள் வந்தது. 2012 ஜூலையில் ஒன்றியத்துக்கு வெளியே போகும் பயணங்களுக்கும் நீட்டப்பட்டது. அந்த 2012 மாற்றம்தான் சென்னையில் எங்களைக் காப்பாற்றியது. விலைக்கு உள்ள கட்டுப்பாடு மட்டும் ஒன்றியத்தின் எல்லையோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு நிறுவனம் இன்னொன்றிடம் வசூலிக்கும் மொத்த விலைக்கே உச்சவரம்பு உண்டு, 2025-இல் ஜிபிக்கு 1.30 யூரோ. இந்தியாவிலோ இலங்கையிலோ அப்படி எதுவும் பொருந்தாது. இரு நிறுவனங்களும் பேசி முடிவு செய்வதுதான் விலை.

ஆறே நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடித்து நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி எனக்கு இருந்தது. ரோமிங்கில் நம் டேட்டா பொதுவாக அங்குள்ள இணையத்துக்கு நேராகப் போவதில்லை. சென்னை டவரிலிருந்து இந்திய நிறுவனத்தின் வலைப்பின்னல் வழியாக ஒரு குழாய் போல ஜெர்மனிக்குப் போய், நம் சொந்த நிறுவனத்தின் வாசலில்தான் இணையத்துக்குள் நுழைகிறது. அதனால்தான் வெளிநாட்டு சிம்மில் கூகிளைத் திறந்தால் சென்னையில் உட்கார்ந்தும் ஜெர்மன் பக்கம் வரும். எல்லாம் அந்த வாசலைத் தாண்டியே போவதால், நிறுவனம் உடனுக்குடன் எண்ண முடிகிறது, கதவையும் சாத்த முடிகிறது.

போன் அழைப்புகள் அப்படி இல்லை. அழைப்பு விவரத்தை இந்திய நிறுவனம் தன் பக்கத்தில் பதிவு செய்து, பிறகு கோப்பாக அனுப்புகிறது. அது வந்து சேர நாள் கணக்கில் ஆகலாம், சில அழைப்புகள் அடுத்த மாத பில்லில்தான் தலை காட்டும். 50 யூரோ வரம்பு டேட்டாவுக்கு மட்டும். அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் அது இல்லை. இது எனக்குத் தெரியாமல் இருந்தது.

என் பில்லில் ஜனவரியில் ஆறு அழைப்புகள் இரண்டிரண்டாகப் பதிவாகியிருந்தன. நான் எடுக்கவே எடுக்காத அழைப்புகள். அலுவலகத்திலிருந்து யாரோ அழைக்கிறார்கள், அழைப்பு கும்பகோணத்துக்கு வந்து அடிக்கிறது, நான் எடுக்கவில்லை, உடனே அது ஜெர்மனியில் உள்ள வாய்ஸ்மெயிலுக்குத் திரும்பிப் போகிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பிப் போனதற்கு இன்னொன்று, நிமிடக் கணக்கில். புறப்படும் முன்பே `##002#` என்று டயல் செய்து ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் ரத்து செய்திருந்தால் இது நடந்திருக்காது. ஜெர்மனி திரும்பியதும் வாய்ஸ்மெயிலை மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும், அது ஒன்றுதான் வேலை.

கும்பகோணம் வந்த மறுநாள் காலை, பெரிய தெருவில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன். எனக்கு ஆதார் இருக்கிறது. கடைத் தம்பி எண்ணைத் தட்டி, விரல் ரேகை வைக்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்தார். சாயங்காலத்துக்குள் சிம் உயிர் பெற்றது. 28 நாளுக்கு, தினம் ஒன்றரை ஜிபி, முந்நூறு ரூபாய்ச் சொச்சம். விமான நிலையத்தில் நான்கு துண்டுக்குப் போன பணத்தில் இங்கே ஒரு மாதம். ஜெர்மன் சிம்மையும் போனிலேயே வைத்துக்கொண்டேன், வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். எங்கள் ஒப்பந்தத்தில் ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குக் காசு இல்லை. அதற்கு டேட்டாவும் வேண்டியதில்லை. அந்த எண்ணில் Data Roaming-ஐ அணைத்தேன்.

மனைவியின் போனில் நான் அதைச் செய்யவில்லை. ‘அதான் பிளாக் பண்ணிட்டாங்களே, வீட்டுல வைஃபை இருக்கு, போதும்’ என்றாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. தடையை நீக்கித் தொடர விரும்பினால் பதில் அனுப்பச் சொல்லி அந்த மூன்றாவது எஸ்எம்எஸ்ஸில் இருந்தது. அவள் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அந்த மாதத்துக்கு அந்தச் சுவரே இருந்திருக்காது. அவசரத்தில் டாக்ஸி பிடிக்க அதை அழுத்துகிறவர்கள் உண்டு, பெரிய பில்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

அவள் அழுத்தவில்லை, ஆனாலும் பணம் போனது. வரம்பு ஒரு பயணத்துக்கு அல்ல, ஒரு பில் மாதத்துக்கு. எங்கள் பில் மாதம் ஒவ்வொரு மாதமும் 4-ஆம் தேதி புதிதாகத் தொடங்குகிறது. ஜனவரி 5 அன்று தஞ்சாவூருக்குப் பேருந்தில் போனோம். வைஃபை இல்லாத இடம், போன் கைப்பையில். புதிய மாதம் பிறந்துவிட்டதால் கணக்கு பூஜ்யத்துக்கு வந்து, கதவு திறந்திருந்தது. பாபநாசம் தாண்டுவதற்குள் இன்னொரு 59.25 முடிந்து, கதவு மறுபடி சாத்திக்கொண்டது. எச்சரிக்கை எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, பெரிய கோவில் வாசலில் படம் எடுக்கப் போனை எடுத்தபோதுதான் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் ‘போதும்’ என்று நானும்தான் நினைத்தேன்.

ஆக, என் போனில் ஒருமுறை, அவள் போனில் இருமுறை, டேட்டாவுக்கு மட்டும் 177.75 யூரோ. வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது பேசியவர் மரியாதையாகவே பேசினார். விலை முதல் எஸ்எம்எஸ்ஸிலேயே சொல்லப்பட்டது, வரம்பும் சட்டப்படி வேலை செய்தது, பணம் திரும்பாது என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் விலை சொல்லும் செய்தியும் டேட்டாவும் ஒரே நொடியில் வந்து சேரும்போது, படித்துவிட்டு முடிவெடுக்க நேரம் எங்கே இருக்கிறது? ஐரோப்பாவுக்கு வெளியே டேட்டா இயல்பாகவே மூடியிருந்து, வேண்டும் என்று நாமே சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும் என்பது என் கருத்து.

அந்த அழைப்பில் ஒரு நல்ல விஷயம் தெரிந்தது. ஒன்றியத்துக்கு வெளியே டேட்டா ரோமிங்கை அவர்கள் பக்கத்திலேயே நிரந்தரமாகப் பூட்டிவைக்க முடியும். போனில் பொத்தான் எப்படி இருந்தாலும் டேட்டா போகாது. இரண்டு எண்களுக்கும் அப்போதே போடச் சொன்னேன். ஒரு வாரத்துக்கான பேக்கேஜ் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றையும் அவரே எடுத்துக் கொடுத்தார்: பேக் தீர்ந்தால் டேட்டா நிற்குமா, இல்லை பழைய 79 சென்ட் விலைக்குப் போய்விடுமா? ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் இது வேறுபடுமாம்.

போன வாரம் மச்சான் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அழைத்தார், பொங்கலுக்கு மதுரை போகிறார். ‘மாமா, நான் ரோமிங்கை ஆஃப் பண்ணிட்டேன், இந்திய சிம்மும் போட்டாச்சு’ என்றார். வீடியோவில் போனைக் காட்டச் சொன்னேன். டேட்டாவுக்கு இந்திய எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஆனால் அதன் கீழே Allow Cellular Data Switching பச்சையாக இருந்தது. அது இருந்தால், ஜெர்மன் எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போது டேட்டாவும் அந்த எண்ணுக்குத் தாவப் பார்க்கும். அந்த எண்ணில் Data Roaming அணைந்திருந்தால் தாவாது. ‘ஜெர்மன் நம்பரைத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்க’ என்றேன். அவர் அணைத்திருந்தது இந்திய எண்ணில். ஜெர்மன் எண்ணில் Data Roaming அப்படியே இருந்தது.