நுழைவுக் கட்டணமா, ராயல்டியா: எது மலிவான ஃபிரான்சைஸ்?

ஒரே மாதிரி கடைக்கு இரண்டு கம்பெனிகள் உரிமம் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, நுழைவுக் கட்டணமாக 10 லட்சம் வாங்கிக்கொண்டு விற்பனையில் 4 சதவீதம் ராயல்டி கேட்கிறது. இரண்டாவதுக்குக் கட்டணம் 2 லட்சம்தான், ராயல்டி 8 சதவீதம். இரண்டிலும் ஒப்பந்தம் 5 ஆண்டு, கடை அமைக்க 25 லட்சம்.

ஆண்டு விற்பனை 60 லட்சம், வாடகை, சம்பளம், சரக்கு எல்லாம் போக ராயல்டிக்கு முன் மிஞ்சுவது 15 லட்சம் என்று எடுத்துக்கொள்ளலாம். (நம் சொந்த உழைப்புக்கான சம்பளத்தையும் கழித்திருக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு லாபம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.) போட்ட பணம் வேறு இடத்தில் 12 சதவீதம் ஈட்டும் என்றால், 5 ஆண்டுக்கு ஆண்டுதோறும் வரும் 1 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 3.60. வரியை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

முதல் கம்பெனியில் ராயல்டி 2.4 லட்சம் போக ஆண்டுக்கு 12.6 லட்சம் நிற்கும். அதன் இன்றைய மதிப்பு 45.4 லட்சம், முதலீடு 35 லட்சம். ஆக நிகர நிகழ்கால மதிப்பு 10.4 லட்சம். இரண்டாவதில் ஆண்டுக்கு 10.2 லட்சம், இன்றைய மதிப்பு 36.8, முதலீடு 27. நிகரம் 9.8 லட்சம். முதலாவது ஜெயிக்கிறது, ஆனால் மயிரிழையில்.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு லாபக் கணக்கே தேவையில்லை. மற்ற செலவெல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். அதிகமாகக் கட்டும் 8 லட்சத்தை, ஆண்டுக்கு மிச்சமாகும் 2.4 லட்சம் ராயல்டி எப்போது மீட்டுத் தருகிறது என்பதுதான் கேள்வி. நான்கு ஆண்டு மிச்சத்தின் இன்றைய மதிப்பு 7.3 லட்சம். ஐந்தாம் ஆண்டும் சேர்ந்தால்தான் 8.65 ஆகிறது. நான்காம் ஆண்டு முடிவில் கடையை மூட நேர்ந்தால், திரும்பக் கிடைக்காத அந்தக் கட்டணம் நஷ்டம்தான்.

கடை மூடாவிட்டாலும் தடுமாற ஒரு மந்தமான தொடக்கம் போதும். முதல் ஆண்டு விற்பனை 40 லட்சமாக இருந்து, அப்புறம் 60க்கு ஏறினால், மிச்சத்தின் மதிப்பு 7.94 லட்சமாகிறது. இரண்டாவது கம்பெனி முந்திவிடும். புதுக் கடைக்கு முதல் ஆண்டு மந்தமாக இருப்பது சகஜம், அதனால் நான் சாய்வது இரண்டாவதன் பக்கம்.

ஆனால் அதன் ராயல்டி லாபத்தின் மீதல்ல, விற்பனையின் மீது. சரக்கு விலை ஏறி லாபம் கரைந்தாலும் 4.8 லட்சம் குறையாது. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ராயல்டி, விளம்பர நிதி என்று தனிக் கட்டணங்கள் இருந்தால், அவற்றையும் சேர்த்துவிட்டு இதே கணக்கை மறுபடி போட வேண்டும். 8 சதவீதத்தோடு விளம்பரத்துக்கு இன்னொரு 2 சதவீதம் என்றால், என் சாய்வும் மாறிவிடும்.