கணையக் குழாயில் கல்: ஸ்டென்டா, ஆபரேஷனா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தவன். கணையக் குழாயை அகட்டி வைக்கும் சிறு குழலான ஸ்டென்டோடு பதினான்கு மாதம் இருந்து பார்த்துவிட்டு, 2022 மார்ச்சில் வயிற்றைத் திறந்து கொண்டவன். அதனால் இந்த ஒப்பீட்டில் தராசு முழு நேராக இருக்காது.

எனக்கு வந்தது நாள்பட்ட கணைய அழற்சி. குடிப்பழக்கம் கிடையாது, சிகரெட்டும் கிடையாது. ஆனாலும் வார்டில் புதிதாக வந்த ஒவ்வொரு டாக்டரும் முதலில் கேட்டது, "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" உலகம் முழுக்க குடிதான் பெரிய காரணம் என்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கேரளத்திலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் உள்ளிட்ட தமிழ்நாட்டிலும் குடிக்காத இளம் வயதினருக்கே கணையத்தில் பெரிய பெரிய கல் உண்டாகும் வகை ஒன்று உண்டு. வெப்பமண்டல கணைய அழற்சி என்பார்கள். ஒரு காலத்தில் மரவள்ளிக்கிழங்கின் மீது பழி போட்டார்கள். அம்மா இன்றும் அதைத்தான் நம்புகிறாள். கிழங்கு சாப்பிடாத ஊர்களிலும் இந்த நோய் இருப்பது தெரிந்த பிறகு அந்தக் கருத்து வலுவிழந்தது. இப்போது ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் உள்ள மாற்றம் பலருக்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

2018-இல் வலி தொடங்கியது. தொப்புளுக்கு மேலே ஆரம்பித்து முதுகைத் துளைக்கும். சாப்பிட்ட அரை மணியில் ஏறும். மல்லாந்து படுக்கவே முடியாது, தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தாங்கும். இரண்டு வருடம் அல்சர் என்று மாத்திரை தின்றேன். ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய என்சைமின் அளவைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. நாள்பட்ட நோயில் கணையம் பாதி கருகிய பிறகு அமைலேஸ் ஏறாமலே இருக்கலாம் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 2020-இல் சி.டி. எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கணையத்தின் தலைப்பகுதியில் 11 மில்லிமீட்டர் கல், அதை ஒட்டிக் குழாயில் சுருக்கம், அதற்குப் பின்னால் குழாய் 9 மில்லிமீட்டருக்கு வீங்கியிருந்தது. சாதாரணமாக அது மூன்று மில்லிமீட்டர் சுற்றுதான் இருக்கும்.

வலிக்கு இரண்டு ஊற்று. ஒன்று குழாய் அடைப்பு: கணையநீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. இன்னொன்று நரம்பு: வருடக்கணக்கில் வலித்து வலித்து, கணையத்து நரம்புகளும் தண்டுவடமும் வலிக்கே பழகிவிடுகின்றன. அதன்பின் அடைப்பை எடுத்தாலும் வலி முழுதாகப் போகாது. இந்த இரண்டாவது ஊற்றைப் புரிந்துகொள்ளாமல் ஸ்டென்டையும் ஆபரேஷனையும் ஒப்பிடவே முடியாது.

சரி, முதல் படி உணவும் என்சைமும். இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது மற்ற இரண்டுக்கும் மாற்று அல்ல. என்ன செய்தாலும் கூடவே இருக்க வேண்டியது. பயத்தில் நானாகவே எண்ணெயை அடியோடு நிறுத்தி ஆறு கிலோ இளைத்தேன். உணவு ஆலோசகர் திட்டினார். கொழுப்பை விரட்டுவதல்ல நோக்கம், கொழுப்பு செரிக்க என்சைம் கொடுத்து சாப்பிட வைப்பதுதான் நோக்கம். ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, புரதம் கூட்டி, நார்ச்சத்தை அளவுக்கு மீறாமல் சாப்பிடச் சொன்னார். மிகுந்த நார் என்சைமின் வேலையைக் கெடுக்குமாம்.

என்சைம் கேப்ஸ்யூலில் நான் செய்த தவறு பெரிது. வழக்கமான மாத்திரை போல சாப்பாடு முடித்து அரை மணி கழித்துப் போட்டேன். அது சாதத்தோடு கலந்து போக வேண்டியது. முதல் கவளத்தோடு ஒன்று, நடுவில் ஒன்று என்று மாற்றிய பிறகுதான் மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு மிதப்பதும் துர்நாற்றமும் குறைந்தன. பெரியவருக்கு ஒரு முழு வேளைக்கு கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் 25,000 முதல் 50,000 அலகு என்பதுதான் தொடக்க அளவு, சிற்றுண்டிக்குப் பாதி. (பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. மார்க்க அனுஷ்டானம் உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.) உப்புசமும் அதனால் வரும் வலியும் இதில் குறையும். ஆனால் அடைபட்ட குழாயின் வலியை என்சைம் தீர்க்கும் என்று நம்ப வேண்டாம். எனக்குத் தீரவில்லை, ஆய்வுகளும் அதைத் தெளிவாக உறுதி செய்யவில்லை.

அடுத்தது எண்டோஸ்கோபி. வெளியிலிருந்து அதிர்வு அலை அடித்து கல்லைத் தூளாக்குவார்கள், பிறகு வாய்வழியே குழல் செலுத்தி, கணையக் குழாயின் வாயை அகட்டி, தூளைத் துடைத்து எடுத்து, சுருக்கம் இருந்தால் பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். தையல் இல்லை, மறுநாளோ அதற்கு மறுநாளோ வீட்டுக்கு. பெரிய கல் ஒன்று மட்டும் இருந்து சுருக்கம் இல்லையென்றால் இதுவே சிறந்தது என்று நானும் சொல்வேன். ஹைதராபாத்தின் ஏஐஜி மருத்துவமனை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கல் உடைத்து வெளியிட்ட தொகுப்பில், சுமார் நாலில் மூன்று பேருக்கு கல் முழுக்க வெளியேறியது.

என் கல்லும் மூன்று அமர்வில் தூளானது. முதல் ஸ்டென்ட் வைத்த வாரம் வலி பாதியாகக் குறைந்தது. மனைவி சாமிக்கு நேர்ந்த பொங்கலையும் வைத்துவிட்டாள்.

ஆனால் சுருக்கம் போகவில்லை. கல் போய்விட்டாலும் சுருக்கம் விரியும் வரை ஸ்டென்ட் இருந்தாக வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டென்டில் கணையநீரின் படிவம் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், ஒரு வருடம் வரை. இதைத்தான் நான் பராமரிப்பு என்கிறேன், ஆபரேஷன் பக்கம் நான் சாய்ந்ததற்கு முதல் காரணமும் இதுதான்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தின நாள் பயணம், வெறும் வயிறு, மயக்கம், அப்புறம் கணையம் திடீரென்று அழற்சியடையுமோ என்ற ஒரு ராத்திரி பயம். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, மூன்று நாள் தண்ணீர்கூட இல்லாமல் கிடந்தேன். நான்காவது ஸ்டென்ட் ஏழாவது வாரத்திலேயே அடைத்தது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வலி பழைய இடத்துக்குத் திரும்பும், குளிரோடு காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. நானோ இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக் காத்திருந்தேன். பதினான்கு மாதத்தில் எண்டோஸ்கோபி ஆறு முறை, விடுப்பு முப்பது நாளுக்கு மேல். அதற்குள் டிராமடால் என்ற அபின்வகை வலி மருந்து தினசரி மாத்திரையாகிவிட்டது.

இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்துகொண்டவர்களை ஆராய்ந்த நெதர்லாந்து மருத்துவர்கள், யாருக்கு வலி நன்றாகத் தீர்ந்தது என்று பார்த்தார்கள். வலி தொடங்கி மூன்று வருடத்துக்குள் செய்துகொண்டவர்கள், அதற்கு முன் அபின்வகை மாத்திரைக்குப் பழகாதவர்கள், ஐந்து எண்டோஸ்கோபிக்கு மேல் போகாதவர்கள். மூன்றிலும் நான் தோற்றவன். ஒவ்வொரு ஸ்டென்டும் அந்த மூன்று வருடத்தில் மூன்று மாதத்தைத் தின்றுகொண்டிருந்தது. நரம்பு அந்த நேரத்தில் வலியைக் கற்றுக்கொண்டிருந்தது.

நேருக்கு நேர் வைத்த ஆய்வும் இருக்கிறது. 2007-இல் வெளியான அந்த ஆய்வில், அதே நாட்டில் குழாய் அடைபட்ட 39 பேரை இரு பக்கமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து வலி தீர்ந்தவர்கள் அல்லது கணிசமாகக் குறைந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 75 சதவீதம், எண்டோஸ்கோபி பக்கம் 32. அதன்பின் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், எண்டோஸ்கோபி பக்கத்தில் பாதிப் பேர் அளவுக்கு எப்படியும் ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். 2020-இல் வெளியான, 88 பேரை வைத்து நடந்த இன்னொன்றில் சீக்கிரமே ஆபரேஷன் செய்த பக்கம் வலி மதிப்பெண் குறைவு. ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. கூடவே, எண்டோஸ்கோபியில் குழாய் முழுக்கச் சுத்தமானவர்கள் ஆபரேஷன்காரர்களுக்குச் சமமாகவே இருந்தார்கள். என் பக்கச் சாய்வில் இதை மறைக்க விரும்பவில்லை.

எனக்குச் செய்தது ஃப்ரே ஆபரேஷன். கணையத் தலையில் இறுகிப்போன சதையைக் குடைந்து எடுத்து, வீங்கிய குழாயை நீளவாக்கில் பிளந்து, அதன்மேல் சிறுகுடலின் ஒரு மடிப்பைக் கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். கணையநீர் சுருக்கம் வழியே போகத் தேவையில்லை, நேராகக் குடலில் இறங்கும். வெறும் குழாயைப் பிளந்து குடலோடு இணைக்கும் பழைய முறையில் தலைப்பகுதி அப்படியே இருக்கும், சிலருக்கு வலி அங்கிருந்தே திரும்பும். இதற்கெல்லாம் குழாய் வீங்கியிருக்க வேண்டும், ஆறேழு மில்லிமீட்டராவது. குழாய் மெலிந்தவர்களுக்கு இந்த வழி இல்லை.

நாலரை மணி நேரம் ஆனது. ஒன்பது நாள் படுக்கை. வயிற்றிலிருந்து வந்த வடிகுழாயில் அமைலேஸ் அளந்து, தையல் கசியவில்லை என்று உறுதியான பிறகே குழாயை எடுத்தார்கள். கசிவு, ரத்தப்போக்கு, சீழ் எல்லாம் நடக்கக்கூடியவை. அனுபவமுள்ள இடத்திலும் உயிர் ஆபத்து நூறில் ஒருவர் அளவுக்கு உண்டு என்று கையெழுத்து வாங்கும்போதே சொன்னார்கள். முதல் மாதம் இருமினாலே உயிர் போகும். ஸ்டென்ட் போட்டிருந்த எந்த வாரமும் இவ்வளவு கஷ்டம் இல்லை, அது உண்மை.

ஆனால் அதற்குப் பிறகு வலிக்காக ஒரு முறைகூட நான் ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. பத்துக்கு எட்டாக இருந்த வலி இரண்டுக்கு வந்தது. பூஜ்யம் ஆகவில்லை, அந்த இரண்டு நரம்பின் பங்கு என்று டாக்டர் சொன்னார். அதற்கு ராத்திரி பிரெகாபலின். டிராமடாலை நிறுத்த ஐந்து மாதம் பிடித்தது. எடை 46 கிலோவிலிருந்து 53 ஆனது. என்சைம் கேப்ஸ்யூல் இன்னும் வேளைக்கு இரண்டு. சர்க்கரை ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிட்டது, இன்சுலின் தொடர்கிறது. வடிகால் போட்டதால் செத்த கணையம் முளைக்காது.

நெருங்கிய உறவுப் பையன் ஒருவன் போன மாதம் இதே ஸ்கேனோடு வந்தான். அவனுக்குக் கல் ஏழு மில்லிமீட்டர், சுருக்கம் இல்லை, வலி வந்து எட்டு மாதம். கல்லை உடைக்கப் போ என்றுதான் சொன்னேன். சுருக்கம் இருந்திருந்தால், இரண்டாவது ஸ்டென்ட் மாற்றும் முன்பே ஒரு கணைய சர்ஜனை ஒரு முறை பார்த்துவிடச் சொல்லியிருப்பேன். என் ஆபரேஷனுக்குப் பத்து வருடம் ஆகவில்லை, அதனால் பத்து வருடத்துக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று என்னை வைத்து அவனுக்குச் சொல்ல முடியவில்லை.