பாஸ்போர்ட் எடுக்கப் போறீங்களா? தேடினதும் முதல்ல வர்ற தளத்தைத் தொடாதீங்க

3,250 ரூபாய் போச்சு. அரசாங்கம் 1,500 ரூபாய்க்குத் தருகிற பாஸ்போர்ட்டுக்காக 3,250 ரூபாய் கட்டியிருக்கிறேன், அதில் ஒரு பைசாகூட அரசாங்கத்துக்குப் போய்ச் சேரவில்லை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படி உஷாராக இருப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைப் படியுங்கள்.

அக்காவுக்குத் துபாயில் பிரசவம். அம்மா போயாக வேண்டும், அம்மாவுக்கோ இதுவரை பாஸ்போர்ட்டே கிடையாது. மொபைலில் பாஸ்போர்ட் விண்ணப்பம் என்று தேடினேன். முதல் ஆளாக வந்து நின்றது இந்தத் தளம். அதற்கு மேலே கண்ணுக்கே தெரியாத பொடி எழுத்தில் "ஸ்பான்சர்டு" என்று இருந்திருக்கிறது. அதாவது, காசு கொடுத்துப் பிடித்த இடம். உண்மையான அரசுத் தளம் அதற்கும் கீழே, விரலால் தள்ளினால்தான் தெரியும்.

தளத்தின் பெயரிலேயே பாஸ்போர்ட்டும் இருக்கிறது, இந்தியாவும் இருக்கிறது. உள்ளே போனால் மூவர்ணப் பட்டை, கருநீலப் பாஸ்போர்ட் படம், தூண் மாதிரி ஏதோ ஒரு சின்னம். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னை நம்ப வைத்தது அந்தப் படிவம்தான். புதியதா, மறுவெளியீடா? சாதாரணமா, தத்காலா? 36 பக்கமா, 60 பக்கமா? பிறந்த ஊர், அப்பா பெயர், கணவர் பெயர், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், உடம்பில் உள்ள அடையாளம் வரைக்கும் கேட்டார்கள். மச்சத்தைக்கூட விசாரிக்கிறவன் அரசாங்கமாகத்தானே இருப்பான்! அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டு நிரப்பினேன். கடைசியில் 3,250 ரூபாய் என்று வந்தது. விண்ணப்பக் கட்டணம், அப்பாயின்ட்மென்ட் எல்லாம் சேர்த்து என்றுதான் அந்தப் பக்கத்தைப் பார்க்கிற எவனுக்கும் தோன்றும். யுபிஐயில் போட்டேன். "விண்ணப்பம் வெற்றிகரமாகப் பெறப்பட்டது" என்று பச்சை நிறத்தில் டிக் வந்தது. அம்மா அப்போதே எந்தப் புடவை கட்டிக்கொண்டு போகலாம் என்று ஆரம்பித்துவிட்டார்.

மெசேஜில் வந்தது ஒரு "ஆர்டர் ஐடி". பாஸ்போர்ட்டுக்கு ஏது ஆர்டர் ஐடி? உண்மையான தளத்தில் படிவத்தைச் சமர்ப்பித்ததும் ஏஆர்என் என்று விண்ணப்ப எண் ஒன்று தருவார்கள். அதற்குப் பிறகுதான் பணம் கட்டி, எந்தச் சேவா கேந்திரம், என்றைக்கு, எத்தனை மணி என்று நாமே தேதி எடுப்போம். இவர்கள் தேதியே கேட்கவில்லை. "எக்ஸிகியூட்டிவ் உங்களைத் தொடர்புகொள்வார்" என்பதோடு சரி.

ஒருத்தரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டால், "உங்க ஃபைல் ப்ராசஸிங்ல இருக்கு சார்." மறுபடி கூப்பிட்டால், "டிபார்ட்மென்ட்ல சர்வர் டவுன் சார்." எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால் லைன் கட். இந்தப் பக்கம் அம்மா, "ஏய்யா, என்னைக்குக் கூப்பிடுதாங்களாம்?" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒருவழியாக ஒருத்தன் பேசினான். பாதி இந்தி, பாதி ஆங்கிலம். அம்மாவின் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான். அப்புறம் அரசாங்கக் கட்டணம் 1,500 ரூபாயைத் தனியாக அனுப்ப வேண்டுமாம். அப்படியானால் நான் கட்டிய 3,250 எதற்கு என்றேன். "அது எங்க கன்சல்டேஷன் சார்ஜ் சார்" என்றான், கூச்சமே இல்லாமல். லாகினையும் அவனுடைய மெயில் ஐடியில்தான் போடுவானாம், "அப்பதான் நாங்க ஃபாலோ பண்ண முடியும்." அதாவது அம்மாவின் விண்ணப்பச் சாவி அவன் கையில் இருக்கும், தேதியை மாற்ற வேண்டுமென்றாலும் அவன் காலில்தான் விழ வேண்டும். ஒன்றும் வேண்டாம், 3,250 ரூபாயைத் திருப்பிக் கொடு என்றேன். "டெர்ம்ஸ்ல நோ ரீஃபண்ட்னு இருக்கே, பாக்கலையா சார்?"

போய்ப் பார்த்தேன். பக்கத்தின் அடிமட்டத்தில், வெள்ளைத் தரையில் சாம்பல் நிறத்தில் இருக்கிறது: இது தனியார் ஆலோசனை நிறுவனம், அரசுடன் எந்தத் தொடர்பும் இல்லை, கட்டணம் திருப்பித் தரப்படாது. மேலே கொடி, கீழே இந்த வரி. மாட்டினால் தப்பிக்க எல்லாம் முதலிலேயே தயாராக வைத்திருக்கிறார்கள்.

வங்கியில், "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று முடித்துவிட்டார்கள். சைபர் கிரைம் உதவி எண் 1930-இலும் நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வந்தபாடில்லை.

பிறகு நானே அரசுத் தளத்தில் உட்கார்ந்தேன். முகவரி passportindia.gov.in. முதலில் பெயரும் மெயில் ஐடியும் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும், மெயிலைச் சரிபார்ப்பார்கள், லாகின் செய்த பிறகுதான் படிவத்தையே திறக்க விடுவார்கள். கட்டணம் 1,500, திருநெல்வேலி சேவா கேந்திரத்துக்கே தேதி. சான்றிதழ்களின் ஒரிஜினலை நேரில் கொண்டுபோய்க் காட்டினால் போதும், எவனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதில்லை. அதைவிட வயிற்றெரிச்சல், இந்த மாதிரிப் போலித் தளங்கள் கூடுதல் பணம் பறிப்பதாக வெளியுறவு அமைச்சகம் சில பெயர்களைக்கூடச் சொல்லி அதே தளத்தில் எச்சரிக்கை போட்டிருக்கிறது. அங்கே போகிறவன் ஏற்கெனவே சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறான், விளம்பரத்தில் மாட்டுகிறவன் கண்ணில் அது எப்போது படும்? காசு வாங்கிக்கொண்டு இவர்களை முதலில் நிறுத்துகிற தேடுதளத்தை யார் கேட்பது?

எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் அண்ணனும் காசு வாங்குவார்தான். நூறோ இருநூறோ, முகத்துக்கு நேராகக் கேட்டு வாங்குவார், உண்மையான தளத்தில் போட்டுக் கையில் பிரின்ட் கொடுப்பார். இவன் 3,250 ரூபாயை விழுங்கிவிட்டு ஒரு தாளைக்கூட நகர்த்தவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அந்தப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முகவரி .gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். .in, .org, .com எல்லாம் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், .gov.in அரசுக்கு மட்டும்தான். முகவரியின் நடுவில் "gov" என்று இருந்தால் ஏமாறாதீர்கள், முடிவைப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு லாகினே கேட்காமல் நேராகப் படிவத்தைத் திறந்தால் மூடிவிடுங்கள். பணம் போகிற இடத்தில் ஏதாவது கன்சல்டன்சி, சர்வீசஸ் என்று பெயர் தெரிந்தால் பின் நம்பர் போடாதீர்கள்.

சிறுதொழில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: உத்யம் பதிவுச் சான்றிதழுக்கும் இதே கூத்து நடக்கிறது. அதற்கு அரசுக் கட்டணம் 0 ரூபாய். udyamregistration.gov.in-இல் நீங்களே போடலாம், எவன் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மேற்கொண்டு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். பேச்சையும் மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள். ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால் எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். அம்மாவுடையதை நேற்று ராத்திரியே பூட்டிவிட்டேன்.