லீவ் சம்மரி ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஆண்டுக் கணக்கு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் அலுவலக போர்ட்டலில் லீவ் சம்மரி என்று ஒரு பக்கம் உண்டு. நவம்பர் பாதி தாண்டியதும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு சின்ன ஷீட்டில் போட்டுவிடுவேன். டிசம்பர் 31 அன்று எத்தனை ஈ.எல். மிஞ்சும், எத்தனை அடுத்த ஆண்டுக்கு கேரி ஃபார்வர்ட் ஆகும், எத்தனையைப் பணமாக்கலாம், எது காலாவதியாகும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வருடக்கணக்காக இப்படித்தான் பார்த்து வருகிறேன். போர்ட்டல் காட்டும் Balance தப்பில்லை. ஆனால் அது அன்றைய தேதிக்கான இருப்பு. டிசம்பரில் முடிவெடுக்க நமக்கு வேண்டியது ஆண்டு முடிவின் இருப்பு. அதை போர்ட்டல் எங்கேயும் காட்டுவதில்லை.

முதலில் படம். மொபைல் ஆப்பில் ஒரு வட்டமும் அதற்குள் ஓர் எண்ணும் மட்டும்தான் வருகின்றன. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கணினியில் திறந்தால்தான் முழு அட்டவணை கிடைக்கும். அங்கேயும் Encashed, Lapsed என்ற இரண்டு பத்திகளும் வலது ஓரத்தில் திரைக்கு வெளியே போய்விடுகின்றன. பிரவுசரில் ஜூமைக் குறைத்துக்கொண்டு, எந்த ஆண்டு, எந்தத் தேதி வரையிலான நிலவரம் என்ற வரியும் விழும்படி எடுக்க வேண்டும். தேதி இல்லாத படத்தை வைத்து ஒரு கணக்கும் போட முடியாது. அடியில் வரும் மொத்தத்தையும் கண்டுகொள்ள வேண்டாம். அது ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, காம்ப் ஆஃப் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டியது. எங்கள் விதிப்படி கேரி ஃபார்வர்ட், என்கேஷ்மெண்ட் இரண்டும் ஈ.எல்.லுக்கு மட்டும்தான். கேரி ஃபார்வர்டுக்கு வரம்பு 30 நாள்.

எங்கள் டீமில் இருக்கும் ஒரு தம்பி போன நவம்பர் 20 அன்று தன் படத்தைக் காட்டினான். "அண்ணா, 30.5 இருக்கு. லிமிட் 30தானே, அரை நாள் போனா போகட்டும்னு விட்டுடலாமா?" என்று கேட்டான். ஈ.எல். வரிசையில் Opening 26.5, Credited 15, Availed 9, Pending 2, Encashed 0, Lapsed 0, Balance 30.5 என்று இருந்தது.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது Pending பத்தியைத்தான். 26.5உடன் 15 சேர்த்தால் 41.5, அதில் 9 போக 32.5. Balance 30.5 என்று காட்டுவதால், இன்னும் ஒப்புதல் கிடைக்காத அந்த இரண்டு நாளையும் போர்ட்டல் ஏற்கனவே கழித்துவிட்டது. இது தெரியாமல் நாமும் ஒரு தடவை கழித்தால் இரண்டு நாள் குறைந்து நிற்கும். சில போர்ட்டல்கள் ஒப்புதல் வந்த பிறகுதான் கழிக்கின்றன. எது என்று யாரிடமும் கேட்க வேண்டாம், இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது Credited. எங்களுக்கு ஆண்டுக்கு 18 நாள், அதாவது மாதத்துக்கு 1.5. படத்தில் இருக்கும் 15 என்பது பத்து மாத வரவு. தேதியோ நவம்பர் 20. அப்படியென்றால் வரவு மாதக் கடைசியில்தான் ஏறுகிறது, நவம்பரும் டிசம்பரும் இன்னும் பாக்கி. 30.5உடன் அந்த 3 சேர்ந்தால் ஆண்டு முடிவில் 33.5. ஆக, வரம்பைத் தாண்டுவது அரை நாள் அல்ல, மூன்றரை நாள்.

அந்த 30 வரம்பு எப்போது பாயும் என்பதும் முக்கியம். சில இடங்களில் அதை ஆண்டு முடிவில் மட்டும் பார்க்கிறார்கள். சில இடங்களில் இருப்பு 30ஐத் தொட்ட மாதத்திலிருந்தே வரவு நின்றுவிடும். இதற்கும் படத்திலேயே விடை உண்டு. தம்பியின் இருப்பு 30ஐத் தாண்டிய பிறகும் Lapsed 0ஆகவே இருக்கிறது, வரவிலும் ஒரு மாதம்கூடக் குறையவில்லை. அதனால் இது ஆண்டு முடிவு வரம்பு. வரவு மாதக் கணக்குக்குக் குறைந்திருந்தால், சம்பளமில்லா விடுப்பு எதுவும் இல்லாத பட்சத்தில், இரண்டாவது வகை என்று சந்தேகப்படலாம். அங்கே டிசம்பர் வரை காத்திருந்தால் மாதா மாதம் ஒன்றரை நாள் போய்க்கொண்டே இருக்கும்.

ஷீட்டில் நான் வைத்திருப்பது இவ்வளவுதான். A2இல் இன்றைய Balance, B2இல் இனி வரவேண்டிய வரவு:

```
C2: =A2+B2
D2: =MIN(30, C2)
E2: =MIN(10, INT(C2-D2))
F2: =C2-D2-E2
```

D2 கேரி ஃபார்வர்ட், E2 பணமாக்கக்கூடியது, F2 காலாவதியாவது. எங்கள் விதியில் ஆண்டுக்கு 10 நாள் வரை, அதுவும் முழு நாளாக மட்டுமே பணமாக்கலாம். அதனால்தான் INT. தம்பிக்கு 30, 3, 0.5 என்று வந்தது. அந்த அரை நாளுக்கு டிசம்பரில் ஒரு பிற்பகல் லீவ் போட்டான், F2 பூஜ்யமானது.

மூன்று நாளைப் பணமாக்குவதா, லீவாகவே எடுப்பதா? இதில் என் கருத்து உறுதியானது: வேலை அனுமதித்தால் எடுத்துவிடுங்கள். எங்கள் நிறுவனம் அடிப்படைச் சம்பளத்தை 30ஆல் வகுத்துத்தான் ஒரு நாள் தொகை போடுகிறது. அடிப்படை 36,000, மொத்தச் சம்பளம் 72,000 என்று வையுங்கள். பணமாக்கினால் ஒரு நாளுக்கு 1,200. லீவாக எடுத்தால் அந்த நாளுக்கு மொத்தச் சம்பளமும், அதாவது 2,400 ரூபாய், வேலைக்குப் போகாமலே வருகிறது. சில நிறுவனங்கள் 26ஆல் வகுக்கும், அப்போது 1,384 ரூபாய் சொச்சம். அப்போதும் லீவுக்குப் பக்கத்தில் வராது. தவிர, வேலையில் இருக்கும்போது வாங்கும் என்கேஷ்மெண்ட் தொகை முழுக்கச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். ஓய்வு பெறும்போதோ வேலையை விடும்போதோ வாங்கினால்தான் தனியார் ஊழியருக்கு விலக்கு. அந்த விலக்கின் ஆயுட்கால உச்சவரம்பு 2023 ஏப்ரலிலிருந்து 25 லட்சம், அதற்கு முன் 3 லட்சம். ஆகவே 30க்குள் இருப்பதை அவசரப்பட்டுப் பணமாக்கவும் வேண்டாம்.

இந்த முறை உண்மையில் கைகொடுப்பது ஜனவரியில். ஆண்டு முடிவுப் பணியை ஓட்டிய பிறகு எங்கள் போர்ட்டலில் பழைய ஆண்டுப் பக்கம் ஊழியருக்குத் திறப்பதில்லை. ஒரு வருடம் அந்தப் பணி ஜனவரி நடுவில்தான் ஓடியது. மேலாளர் ஒப்புதல் தராமல் விட்டிருந்த என்கேஷ்மெண்ட் விண்ணப்பங்கள் எல்லாம் காலாவதிக் கணக்கில் போய்விட்டன, என்னுடையதும் சேர்த்து. விண்ணப்பம் காலக்கெடுவுக்குள் பதிவாகி Pending என்று நிற்பது டிசம்பர் படத்தில் தேதியோடு இருந்தது. பே ரோல் மேடம் அதைப் பார்த்துவிட்டு, கூடுதல் கேள்வி கேட்காமல் Adjustment போட்டு நாட்களைத் திருப்பிக் கொடுத்தார். படம் இல்லாதவர்களுக்கு ஐ.டி. பிரிவிலிருந்து பழைய பதிவு வரும்வரை இழுத்தது.

லீவ் மறுக்கப்பட்டால் அந்தத் திரையையும் எடுத்து வைப்பது நல்லது. கேரி ஃபார்வர்டுக்கு 30 நாள் வரம்பு வைத்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 79ஆம் பிரிவே, முறைப்படி விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்பை வரம்பில்லாமல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றது. அலுவலக வேலைக்கு அது நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், நிறுவனத்தின் லீவ் பாலிசியில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இருக்கிறது. போர்ட்டலோ அதைத் தானாகக் கணக்கில் எடுப்பதில்லை. Rejected என்று காட்டும் படத்தோடு எச்.ஆருக்கு மெயில் போட்டால்தான் அந்த நாட்கள் 30க்கு மேல் ஏறுகின்றன.