சீனி குறைந்தால்: பாடநூல் சொல்லா, வீட்டுச் சொல்லா?

பினாங்கு கிளினிக்குகளில் இனிப்பு நீர் நோயாளிகளுக்குத் தமிழில் துண்டறிக்கை எழுதுவோர் இரண்டு நடைக்கு நடுவே தடுமாறுகிறார்கள்.

புரிவது:
பாடநூல் நடை: "இரத்தச் சர்க்கரைத் தாழ்நிலை ஏற்படின் குளுக்கோசு உட்கொள்ளவும்."
வீட்டு நடை: "வியர்த்து, கை நடுங்கினால் சீனி குறைந்திருக்கலாம். சோதித்துப் பாருங்கள். 4 mmol/L-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்." பாட்டிக்கு வாசித்துக் காட்டினாலே போதும்.

தாளில் இடம்: வீட்டு நடை நீளும். நீளட்டுமே.

துல்லியம்: இங்கேதான் வீட்டு நடை சறுக்கும். 'மயக்கம்' என்றால் சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்கு நினைவு தப்புவது. "மயக்கம் வந்தால் சீனித் தண்ணீர் கொடுங்கள்" என்று எழுதினால், நினைவில்லாதவர் வாயில் ஊற்றிவிடுவார்கள். மூச்சுக்குழாயில் இறங்கி அடைக்கும். அதனால் இரண்டாகப் பிரியுங்கள்: "தலை சுற்றுகிறது, ஆனால் விழுங்க முடிகிறது: சீனித் தண்ணீர். கூப்பிட்டால் பதில் இல்லை: வாயில் எதுவும் வேண்டாம், 999 அழையுங்கள்."

வீட்டுக்குப் போகும் தாளுக்கு வீட்டு நடைதான். பாடநூல் சொல் தாதியர் பயிற்சிக் குறிப்பில் இருக்கட்டும். அப்புறம், மருந்தின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். மருந்துப் பையில் உள்ளபடியே வரவேண்டும்.