‘ஏற்கனவே பதிவாகியுள்ளது’ என்று வந்தால் முதலில் பழைய எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள்

கிளிநொச்சிப் பக்கம் சந்தைகளில் குடை விரித்து சிம் விற்கிறவர்களிடம் புது சிம் வாங்கியவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

பணம் அனுப்புகிற ஆப் ஒன்றை அண்மையில்தான் போனில் போட்டேன். இலக்கத்தை அடித்ததும் ‘இந்த இலக்கம் ஏற்கனவே பதிவாகியுள்ளது’ என்று வந்துவிட்டது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தால், “மறந்திருப்பீங்கள் ஐயா, பின் நம்பரை மாத்திப்போட்டு உள்ளே போங்கோ” என்றார் அந்தப் பிள்ளை. நான் விடவில்லை. கணக்கில் இருக்கிற அடையாள அட்டை எண் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் கேட்டேன். 1999 என்றார். என்னுடையது பழைய அட்டை, முடிவில் வி எழுத்து வருவது. புது அட்டையின் 12 எண்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. ஆக, என் இலக்கத்தில் யாரோ ஒரு இளந்தாரியின் கணக்கு ஓடுகிறது!

இது இரண்டு விதமாக நடந்திருக்கலாம். பாவிக்காமல் விட்ட இலக்கத்தைக் கம்பனிகள் சில காலம் கழித்து வேறொருவருக்கு விற்கும். பழைய ஆளின் கணக்கு அப்படியே கிடக்கும். அப்படியென்றால் பதிவுக்கான ஓடிபி உங்கள் போனுக்கு வந்திருக்காது. நான் எஸ்எம்எஸ்ஸைக் கீழே தள்ளிப் பார்த்தேன். சிம் வாங்கிய அதே நாள், அதே மத்தியானம், ஆறு எண்ணில் ஓடிபி ஒன்று இருந்தது. “அண்ணை, சிம் வேலை செய்யுதோ பாக்கிறன், போனைத் தாங்கோ” என்று சிம் விற்ற தம்பி வாங்கி வைத்திருந்த நேரம்தான் அது. தன் போனில் என் இலக்கத்தைப் போட்டு, என் போனுக்கு வந்த ஓடிபியை அடித்து, பின் நம்பரையும் தானே வைத்திருக்கிறான். புது ஆள் சேர்த்தால் கிடைக்கிற கொமிஷனுக்குத்தான் இவ்வளவும் என்று நினைக்கிறேன்.

கொமிஷனோடு போனால் பரவாயில்லை. உங்கள் இலக்கத்துக்கு யாராவது காசு அனுப்பினால் அது அவன் கையிலுள்ள கணக்குக்குப் போகும். ஆபத்து அங்கேதான்.

அந்தப் பிள்ளை சொன்னபடி பின் நம்பரை மாற்றியும் உள்ளே போகாதீர்கள். கணக்கு இன்னொருவரின் அடையாள அட்டையிலேயே இருக்கும், அதில் நடந்ததெல்லாம் உங்கள் தலையில் விழும். அடையாள அட்டையையும் சிம் உங்கள் பெயரில் இருப்பதற்கான கடிதத்தையும் ஆப் கம்பனியின் கிளைக்குக் கொண்டுபோய், கணக்கை முடக்கி மூடும்படி எழுத்தில் கொடுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் திகதி தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுத்து அதோடு இணையுங்கள். தொலைபேசியில் இழுத்தடித்தவர்கள் வவுனியாக் கிளையில் அந்தத் திகதியைக் கண்டதும்தான் கணக்கை முடக்கினார்கள். மூடும் வேலை இன்னும் நடக்கிறது. அவர்களும் கையை விரித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம்.

கணக்கு மூடும்வரை அந்த இலக்கத்துக்குக் காசு போட வேண்டாமென்று வீட்டாரிடமும் கொழும்பில் இருக்கிற தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.