வீடு முழுக்க ஒரே பேக்கேஜ் என்று சொல்லி எங்கள் பட்ஜெட்டில் 60 சதவீதத்தை முடக்கிவிட்டார்கள்

புது வீட்டுக்குக் குடிபோய், எல்லா ஃபர்னிச்சரையும் ஒரே இடத்தில் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஃபர்னிச்சருக்கென்று நாங்கள் ஒதுக்கிய பணத்தில் 60 சதவீதம் ஒரு ஷோரூமில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கட்டில் இல்லை, துணி வைக்க அலமாரி இல்லை. ஆனால் ஹாலில் ஆறடிக்கு ஒரு டிவி யூனிட் நிற்கிறது. டிவி இன்னும் வாங்கவே இல்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. வீடு முழுவதையும் வடிவமைத்து, செய்து, பொருத்தித் தருவதாகச் சொல்லும் ஷோரூம்களில் ஒன்று, அவ்வளவுதான்.

நாங்கள் போகும்போதே ஒரு வரிசை எழுதி வைத்திருந்தோம். முதலில் கட்டில், மெத்தை, துணி அலமாரி. அப்புறம் வேலை செய்ய மேசை நாற்காலி. சோபாவும் டிவி யூனிட்டும் டீப்பாயும் கடைசியில், அதுவும் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு. அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அங்கிருந்த ஆலோசகர் சிரித்தார். "தனித்தனியா வாங்கினா மர நிறமே ஒத்துவராது மேடம். பேக்கேஜா எடுத்தா 25 சதவீதம் தள்ளுபடி. இந்த வாரம் வரைக்கும்தான்."

அப்போதுகூட நாங்கள் சரி என்று சொல்லவில்லை. அவரே வீட்டுக்கு வந்தார். லேசர் கருவியால் ஒவ்வொரு சுவரையும் அளந்தார். அம்மாவுக்கு முட்டி வலி என்று தெரிந்ததும், "அம்மா எந்தப் பக்கமா எழுந்திருப்பாங்க? மெத்தையோட சேர்த்து உயரம் 50 செ.மீ. வெச்சுக்கலாம், எழுந்திருக்கச் சுலபமா இருக்கும்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு அக்கறையாகக் கேட்பவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்று மாலையே பணம் அனுப்பினோம்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன், மோசடி முழுவதும் அதில்தான் இருக்கிறது. எங்கள் மொத்த பட்ஜெட்டை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பட்டியல் விலையும் 100. தள்ளுபடி போக 75. "மிச்சம் 25-ல் திரை, விளக்கு, ஃபேன் எல்லாம் முடிச்சிடலாம்" என்று அவரே சொன்னார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அந்த 75-ல் முன்பணமாக 60 கட்டச் சொன்னார்கள். மீதி 15, கடைசிப் பொருள் கிளம்பும் முன். ரசீதில் மொத்தத் தொகை மட்டும்தான். கட்டிலுக்கு எவ்வளவு, சோபாவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், "பேக்கேஜ்ல அப்படிப் பிரிக்க மாட்டோம் மேடம்" என்றார்கள்.

முதல் லாரியில் என்ன வந்தது தெரியுமா? சோபா, டிவி யூனிட், டீப்பாய். நாங்கள் கடைசியில் எழுதிய மூன்றும்தான் முதலில் வந்தன. அவையெல்லாம் கிடங்கில் தயாராகக் கிடக்கும் பொருட்கள். கட்டிலும் அலமாரியும் நம் அளவுக்குச் செய்ய வேண்டியவை. சுலபமானதை முதலில் தள்ளிவிட்டு, பணத்துக்குச் சமமான பொருள் கொடுத்ததாகக் காட்டிக்கொள்கிறார்கள்.

டிவி யூனிட் நின்ற இடமும் தப்பு. மதியம் எதிர் ஜன்னல் வெயில் நேராக அந்தச் சுவரில்தான் விழுகிறது. அவர்கள் காட்டிய முப்பரிமாணப் படத்தில் வெயில் இல்லையே! இதற்காகத்தான் குடியிருந்து பார்த்துவிட்டு வாங்கலாம் என்றோம்.

சோபா இன்னும் மோசம். இருக்கை ஃபோம் 32 அடர்த்தி என்று சொல்லியிருந்தார்கள், அதாவது ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. உட்கார ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே நடுவில் குழி விழுந்தது. உறையின் ஜிப்பைக் கழற்றி ஃபோமை மட்டும் எடை போட்டேன். 60-க்கு 60 செ.மீ., தடிமன் 15 செ.மீ. கன அளவு 0.054 கன மீட்டர். 32 அடர்த்தி என்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தராசு காட்டியது ஒரு கிலோகூட இல்லை. அதாவது அடர்த்தி 18-ஐ ஒட்டித்தான். கையால் அழுத்திப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, அடர்த்தி குறைந்த ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். எடைதான் காட்டிக்கொடுக்கும்.

புகார் சொல்லப் போனால் ஆரம்பித்தது அடுத்த கூத்து. "புரொடக்‌ஷன்ல இருக்கு." "தச்சர் லீவு." "அந்த ஆலோசகர் இப்போ இங்க வேலை பார்க்கல." ஃபோம் எடையைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் மேனேஜர் காபி கொடுக்கிறார், தேதி கொடுக்க மாட்டேன் என்கிறார்.

சரி, மிச்ச ஆர்டரை ரத்து செய்யுங்கள், பணத்தைக் கொடுங்கள் என்றேன். உடனே கணக்கு வந்தது, அதில் மட்டும் தாமதமே இல்லை. ரத்து செய்தால் பேக்கேஜ் தள்ளுபடி கிடையாதாம். வந்த பொருட்களுக்குப் பட்டியல் விலை: சோபா 35, டிவி யூனிட் 15, டீப்பாய் 5. கூடவே வடிவமைப்புக் கட்டணம் 5. மொத்தம் சரியாக 60! பிரிக்கவே முடியாது என்ற விலையை இப்போது எவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டார்கள் பாருங்கள். திருப்பித் தர ஒன்றும் இல்லையாம். கட்டில் வேண்டுமென்றால் மீதி 15-ஐக் கட்ட வேண்டுமாம். கட்ட மாட்டேன். அம்மா இன்றைக்கும் தரையில் மெத்தை போட்டுப் படுத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். 60 சதவீதம் போய்விட்டது, மீதி 40-க்குள் படுக்கை, அலமாரி, மேசை, திரை எல்லாவற்றையும் முடிக்க வேண்டும்.

எப்படி வரிசைப்படுத்தி வாங்குவது என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கவும் துணி வைக்கவும் வழி செய்யும்வரை ஹாலுக்கு ஒரு பைசா செலவு செய்யாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை எழுதாத ரசீதுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒன்றை ரத்து செய்தால் மற்றதன் விலை மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எது முதலில் வர வேண்டும் என்பதும் அதே ரசீதில் இருக்கட்டும். சின்ன முன்பணம், பொருள் வந்ததும் ஒரு பங்கு, பொருத்தி முடித்த பிறகு மீதி, இதற்கு ஒத்துக்கொள்ளாத கடையிலிருந்து கிளம்பிவிடுங்கள். சோபா வாங்கினால் ஜிப் உள்ள உறையாகப் பார்த்து, வந்த அன்றே ஃபோமை எடை போடுங்கள்.

ரசீது, அரட்டை, எடைப் படம் எல்லாம் சேர்த்து நுகர்வோர் புகார் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இதே மாதிரி "ரத்து செய்தால் தள்ளுபடி கிடையாது" கணக்கில் மாட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், அந்தப் பட்டியல் விலையை எப்படி எதிர்த்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.